எடுத்த மாதிரி தெரியாம

இரவு பத்தரை மணிக்கு வந்த வாட்ஸப் செய்தி அது. கல்யாணப் பெண்ணே எழுதியிருந்தாள்.

"அக்கா, வணக்கம். நீங்க அனுப்புன முதல் எட்டு ஷீட் பாத்தேன், ரொம்ப அழகா இருக்கு. ஒரே ஒரு உதவி வேணும். கீழ இருக்குற படத்துல நான் வட்டம் போட்டிருக்கிறவர் ஆல்பத்துல எந்தப் பக்கத்துலயும் வராம பாத்துக்க முடியுமா? முடியாத இடத்துல அந்தப் போட்டோவே வேண்டாம், விட்டுருங்க. ஆனா எடுத்த மாதிரி தெரியாம இருந்தா நல்லது. வீட்லயும் ஸ்டுடியோவுலயும் இதைச் சொல்ல வேண்டாம்க்கா. கூடுதல் வேலைக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, நானே அனுப்பிடுறேன். சிரமத்துக்கு மன்னிக்கணும்."

கீழே ஒரு படம். ரிசப்ஷன் மேடையின் ஓரத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் யாரையோ கைகாட்டி மேலே வரச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் தலையைச் சுற்றிப் பச்சை நிறத்தில் விரலால் வரைந்த வட்டம். முழுதாக மூடாமல் பாதியில் நின்றிருந்தது.

மதுரையில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பதினாறு வருடமாகக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். போட்டோ எடுப்பவரே ஆல்பமும் செய்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் ஹார்டு டிஸ்கை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடுவார். நான் ஷீட் போட்டு, வீட்டாரிடம் காட்டி, கரெக்‌ஷன் முடித்து லேபுக்கு அனுப்புவேன். அச்சும் பைண்டிங்கும் அங்கே. எனக்குக் கூலி ஷீட் கணக்கில், அதுவும் ஸ்டுடியோவிலிருந்து. கரெக்‌ஷன் கேட்க வசதியாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோ அண்ணன் என் நம்பரைப் பெண் வீட்டாருக்குக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் இந்தச் செய்தி நேராக என்னிடம் வந்தது. என் இடத்தில் ஓர் ஆண் இருந்திருந்தால் அவள் எழுதியிருப்பாளா என்று பிறகு நினைத்துப் பார்த்ததுண்டு.

காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நாத்தனாரை எடுக்கச் சொன்ன ஒரு பெண்ணிடம் "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் கதை கேட்டு, கேட்ட கதையின் சூட்டில் நாத்தனாரைக் கடைசித் துளிவரை எடுத்துவிட்டேன். பைண்டிங்குக்குப் போகும் முன் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். "அக்கா, அவங்கள திரும்பப் போட்டுருங்க" என்று போன் வந்தது. பழைய ஃபைலை நான் வைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பழக்கம். காரணம் கேட்பதில்லை. எதை மாற்றினாலும் மாற்றாத பிரதியைத் தனி ஃபோல்டரில் வைத்துவிடுவேன்.

இந்தப் பெண்ணின் செய்தியை மூன்று முறை படித்தேன். இவ்வளவு பணிவான எழுத்துக்குள் வேலை மிகத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. 'எந்தப் பக்கத்துலயும்' என்றால் பின்னணியில், மங்கலாக, முதுகு காட்டிக்கூட வரக்கூடாது. 'எடுத்த மாதிரி தெரியாம' என்பது அதைவிடக் கடினம். ஆளை எடுப்பது பெரிய வித்தை இல்லை, எடுத்த இடம்தான் காட்டிக்கொடுக்கும். ஃபிலிம் காலத்து ஆல்பங்களில், சண்டை போட்ட பங்காளியின் தலையைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியெடுத்திருப்பார்கள். ஐம்பது பேர் நிற்கும் படத்தில் எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்த ஓட்டைக்குத்தான். இல்லாதவரைப் பற்றித்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

"முடியும்மா. படம் மாத்துறதுக்குத் தனியா காசு கிடையாது. ஒண்ணு ரெண்டு படத்துல கைவேலை வந்தா அதுக்கு மட்டும் சொல்றேன். ரெண்டு நாளுமே இவர் இருந்தாரா?" என்று பதில் போட்டேன்.

"ரெண்டு நாளும் இருந்தார்க்கா. எல்லா இடத்துலயும் இருந்தார்."

உண்மைதான். ஒவ்வொரு கல்யாணத்திலும் அப்படி ஒருவர் உண்டு. மாலை எங்கே, ஐயர் எங்கே, பந்தி எத்தனையாவது ஓடுகிறது என்று எல்லாம் தெரிந்தவர். மேடையில் ஆட்களை ஏற்றி இறக்குவது அவர்தான். அதனால் யாரைப் படம் எடுத்தாலும் ஓரத்தில் அவர் கையோ காலோ இருக்கும். பெண்ணின் அப்பாவுக்கு வலது கை மாதிரி ஓடிக்கொண்டிருந்தார் என்பது படங்களைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அதில்தான் சிக்கல். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்தவர் அப்பா. ஒரு பள்ளிக்கூட நோட்டில், நீல மையில், வரிசை எண் போட்டு 240 படங்களின் நம்பரை எழுதி, அந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கணக்குப் பார்த்து வாழ்ந்த மனிதர் என்று தெரிந்தது. பட்டியலில் ஒன்று குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் அவர் எங்கெல்லாம் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முகத்தைத் தேடுவார்கள். முகத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும், துணியைத் தேட வேண்டும். மாலை ரிசப்ஷனில் சந்தன நிற அரைக்கைச் சட்டை, மறுநாள் காலை அரக்கு நிறப் பட்டுச் சட்டை, மயில்கண் கரை வேட்டி. வலது மணிக்கட்டில் தடித்த செப்புக் காப்பு. அடோபி பிரிட்ஜில் 240 படங்களையும் சின்னதாக வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தபோது பத்தொன்பது சிவப்பு லேபிள் விழுந்தது. மறுநாள் காலையில், கண் ஓய்வெடுத்திருந்தபோது, ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி ஓரங்களை மட்டும் பார்த்தேன். இன்னும் நான்கு கிடைத்தன. ஒன்றில் கூட்டத்துக்குள் ஒரு அரக்கு முதுகு. ஒன்றில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் காது மட்டும். இரண்டில், மாலையை நீட்டும் ஒரு கையில் செப்புக் காப்பு.

மொத்தம் இருபத்து மூன்று.

இனி சொல்வதுதான் இந்த வேலையின் நடு நரம்பு. ஒவ்வொரு படத்தையும் மாற்றும்போது, அந்த மனிதரைத் தவிர வேறொரு உண்மையான காரணம் இருக்க வேண்டும். அப்பா போன் செய்து "ஏம்மா, 1846ஐ எங்க காணோம்?" என்று கேட்டால், நான் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதல்ல. ஒரு பொய் சொன்னால் அடுத்த பக்கத்துக்கும் அதற்கு ஏற்ற மாதிரி இன்னொன்று தேட வேண்டும். இருபத்து மூன்று பொய்யை ஞாபகம் வைத்திருப்பது ஆகாத காரியம்.

பெரும்பாலும் அந்தக் காரணம் ஹார்டு டிஸ்கிலேயே கிடைக்கும். மேடையில் குடும்பமாக ஏறி நிற்பவர்களை எந்த போட்டோகிராஃபரும் ஒரே ஒரு ஃபிரேம் எடுத்து இறக்கிவிட மாட்டார். யாராவது கண்ணை மூடியிருப்பார்கள் என்று இரண்டு மூன்று அடிப்பார். ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவே, ஆட்களை ஏற்றி இறக்குகிற மனிதர் நகர்ந்திருப்பார். இந்தக் கல்யாணத்தில் இரண்டு கேமரா. மேடைக்கு நேராக நின்று வரிசைப் படம் எடுத்தவர் ஒருவர், சுற்றி நடந்து கேண்டிட் எடுத்தவர் ஒருவர். மொத்தம் 3,800 படம். இரண்டையும் எடுத்த நேரப்படி ஒன்றாக அடுக்கினால் ஒரே நிமிடத்தில் நடந்தது இரண்டு கோணத்தில் அடுத்தடுத்து வரும். ஆனால் இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போனதாக என் அனுபவத்தில் இல்லை. இங்கே ஏழு நிமிடம் வித்தியாசம். அதைச் சரிசெய்ய ஒரு பொதுத் தருணம் வேண்டும். நான் தாலி கட்டும் ஃபிரேமை எடுத்துக்கொள்வேன். மணமகனின் விரல் முதல் முடிச்சில் இருக்கும் படம் இரண்டு கேமராவிலும் இருக்கும். அதை வைத்து ஒரு கேமராவின் நேரத்தை முழுசாகத் தள்ளிவிட்டால் போதும்.

அப்படி அடுக்கிப் பார்த்ததில் பதினொரு படங்களுக்குப் பக்கத்து ஃபிரேம் கிடைத்தது. எண் கொஞ்சம் மாறும், ஆட்கள் அதே ஆட்கள். அவற்றில் பெரியது குடும்பப் படம். அப்பா எழுதியிருந்த 1846இல் பதினான்கு பேர், வட்டம் போட்ட மனிதர் வலக்கோடியிலிருந்து இரண்டாவது. ஓரத்தில் நின்றால் வெட்டிவிடலாம். இரண்டாவதாக நிற்பவரை எடுத்தால் ஓர் ஆள் அகலத்துக்குப் பல் விழுந்த இடம் மாதிரி சந்து தெரியும். கடைசி ஆளை நகர்த்தி அதை அடைக்கலாம்தான். அப்போது தரைக் கம்பளத்தின் கோடு அவர் காலடியில் உடையும், ஃபிளாஷ் நிழல் பொருந்தாமல் போகும். 1851இல் அவர் இல்லை. பந்தியைப் பார்க்கப் போயிருப்பார். மற்ற பதின்மூன்று பேரும் அப்படியே நிற்கிறார்கள். 1846ஐப் பெரிதாக்கினேன். பெரியம்மா கண்ணை மூடியிருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏழு படங்கள் வெட்டிலேயே முடிந்தன. ஆல்பம் என்றால் என்ன அளவு என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் எல்லோரும் கரிஷ்மா ஆல்பம் என்று சொல்வது பெரும்பாலும் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட். நடுவில் மடித்தால் பதினெட்டு அங்குலத்துக்கு இரண்டு பக்கம். கேமரா எடுப்பது மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில், ஷீட் மூன்றுக்கு ஒன்று. ஒரு படத்தை ஷீட் முழுக்கப் பரப்பினால் மேலேயும் கீழேயுமாகச் சரிபாதி போய்விடும். குறுகலான கட்டத்தில் வைத்தால் பக்கவாட்டில் போய்விடும். எப்படியும் எல்லாப் படமும் எங்காவது வெட்டுப்படும் என்பதால், ஒரு வெட்டு ஏன் அங்கே விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. மாலை மாற்றும் படத்தை உயரவாக்கில் நிறுத்தினேன், காப்புக் கை வெளியே போனது. அப்பா நோட்டில் எழுதிய அதே நம்பர் ஆல்பத்தில் இருக்கும்.

ஸ்டுடியோவில் வேலை கற்கும் பையன்கள் ஒரு யோசனை சொல்வார்கள், வேண்டாதவரை நடு மடிப்பில் வைத்துவிடலாம் என்று. பழைய தைத்த பைண்டிங்கில் அது நடந்திருக்கலாம். இப்போதைய ஷீட் தட்டையாக விரியும், மடிப்புக்குள் எதுவும் மறையாது. மூக்கின் மேல் ஒரு கோடு விழுந்து, அவர் இருப்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

மூன்று படங்களில் அவரை இன்னொரு படத்தால் மூடினேன். பெரிய படத்தின் ஒரு மூலையை மெல்லக் கரைத்து அதன்மேல் சின்னப் படங்களை வைப்பது எல்லா ஆல்பத்திலும் உள்ள வழக்கம். கரைகிற ஓரத்தில்தான் ஆபத்து. திரையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் கால்வாசி உருவம் ஆவி மாதிரி மிச்சம் இருக்கும், அச்சில் வந்துவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா லேயருக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு ஷீட்டையே கன்னங்கரேல் என்று இருட்டாக்கிப் பார்ப்பேன். வெளிர்ந்த இடத்தில் ஒளிந்திருப்பதெல்லாம் அப்போது எழுந்து வரும். பார்த்த பிறகு அந்த லேயரைத் தூக்கிவிட வேண்டும். ஒரு தடவை தூக்க மறந்து லேபுக்கே அனுப்பியிருக்கிறேன். லேப்காரர் போன் செய்து, "என்னக்கா, ராத்திரியிலயா முகூர்த்தம்?" என்றார்.

இப்படி இருட்டாக்கிப் பார்த்தபோதுதான் பன்னிரண்டாவது ஷீட்டில் அவர் இருபத்து நான்காவது முறையாக எழுந்து வந்தார். மேடை முழுவதும் தெரியும் ஓர் அகலப் படத்தை மங்கலாக்கி, நான்கைந்து ஷீட்டுகளுக்குப் பின்புலமாகப் போட்டிருந்தேன். நானே போட்டது, அப்பாவின் பட்டியலில் இல்லாதது. அதனால் தேடவேயில்லை. சந்தனச் சட்டை மங்கலான மேடையோடு கலந்து கிடந்தது. இதே தவறால் முன்பு ஓர் ஆல்பத்தில் பட்டிருக்கிறேன். பிரிந்துபோன மாப்பிள்ளையை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டுப் பின்புலத்தில் விட்டுவிட்டேன், பைண்டிங் முடிந்து வந்த பிறகு அந்த வீட்டுப் பாட்டி கண்டுபிடித்தார். ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டித்தான் பைண்டு செய்கிறார்கள், நடுவில் ஒன்றை மட்டும் உருவ முடியாது. முழு ஆல்பமும் மறுபடி அச்சானது, பாதிக் காசு என் தலையில். இந்தத் தடவை பின்புலத்தையே தூக்கிவிட்டு மண்டபத்து வாழைமரத்தைப் போட்டேன். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மீதி இரண்டு.

முதலாவது தாலி கட்டும் படம். இதற்கு மாற்று ஃபிரேம் என்று ஒன்று சொல்லவே முடியாது. மணமகன் முதல் முடிச்சுப் போடுகிறான், அடுத்த முடிச்சுக்கு நாத்தனார் பின்னால் குனிந்து காத்திருக்கிறாள், அட்சதை காற்றில் பறக்கிறது, பெண்ணின் கண் பாதி தாழ்ந்திருக்கிறது. நான்கும் சேர்ந்து அமைந்த ஃபிரேம் ஒன்றே ஒன்றுதான். அதில் பெண்ணின் இடது தோளுக்கும் நாத்தனாரின் தலைக்கும் நடுவே அவர் முகம், அட்சதை வீசிய கையோடு. வெட்டினால் நாத்தனார் போய்விடுவாள். அவள் வீட்டில் அதற்குத் தனிச் சண்டை வரும்.

இங்கேதான் கைவேலை. பலர் நினைப்பது போல அழிப்பதில் இல்லை கஷ்டம், அழித்த இடத்தில் எதை வைப்பது என்பதில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 2010இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் புல்வெளிக்கும் வானத்துக்கும் நன்றாக உழைக்கும். பூ அலங்காரத்தில் அதை விட்டால் ஒரே ரோஜா ஐந்து இடத்தில் பூத்துவிடும். க்ளோன் ஸ்டாம்பை அவசரமாக ஓட்டினாலும் இதே கதைதான். என் வழி, அதே கேமரா அதே இடத்தில் நின்று சற்று முன்போ பின்போ எடுத்த படத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. எட்டு விநாடிக்குப் பிந்திய ஃபிரேமில் அவர் பின்வாங்கியிருந்தார். பின்னால் மல்லிகைச் சரமும் வேறொரு பெண்ணின் பச்சைப் பட்டும் தெரிந்தன. அந்தத் துண்டை எடுத்துவந்து பொருத்தினேன். அந்த ஃபிரேமில் ஃபிளாஷ் கொஞ்சம் குறைவாக அடித்திருந்தது, வெளிச்சத்தைக் கூட்டினேன். கூட்டியதும் அந்த இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தது, அதை அடக்கினேன். பிறகு அட்சதை. அவர் முகத்தின் மேல் பறந்துகொண்டிருந்த அரிசிகள் முகத்தோடு போய்விட்டன, காற்றில் ஒரு வெற்றிடம். அதே படத்தின் வேறு மூலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, சாய்த்துத் தூவினேன். எல்லாம் முடிந்து தள்ளி உட்கார்ந்து பார்த்தால், பின்திரையில் அவர் தலையின் நிழல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை, நிழல் இருக்கிறது. அதற்கு இன்னும் அரை மணி நேரம்.

இப்படி ஒரு படத்தில் செய்தது எனக்கு உவப்பாக இல்லை. முகூர்த்த நேரத்தில் அங்கே நின்ற ஒருவரை நிற்கவில்லை என்று நான் சொல்கிறேன். மூலப்படத்தைத் தொடவில்லை, பென்டிரைவில் அவள் வீட்டுக்குப் போகும் படங்களில் அவர் இருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆல்பம் அவளுடையது. அறுபது பக்கங்களைத் திருப்பிப் பார்க்கப்போவதும் அவள்தான். அந்தக் கைவேலைக்கு மட்டும் ஐநூறு ரூபாய் கேட்டேன். கேட்ட ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது படம்தான் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது.

அப்பத்தா ஆசீர்வாதம் செய்யும் படம். எண்பதைத் தாண்டியிருக்கும். மேடைப் படி ஏற முடியாத மனுஷியைக் கைத்தாங்கலாக ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஏற்றியவர் அவர்தான். மூன்று ஃபிரேம், மூன்றிலும் அவருடைய வலது கை அப்பத்தாவின் முழங்கையைப் பிடித்திருக்கிறது, செப்புக் காப்போடு. கேண்டிட் எடுத்தவர் அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்திருக்கிறார். வேறு கோணம் கிடையாது. அப்பத்தா அதற்குப் பிறகு மேடைக்கு வரவும் இல்லை.

அவர் உடம்பை வெட்டிவிடலாம். அந்தக் கை நிற்கும். ஆள் இல்லாத கை ஒரு கிழவியின் முழங்கையைப் பிடித்திருக்கும். பார்ப்பவர்கள் "யாரு கை இது?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். கையையும் அழிக்கலாம். அப்படி அழித்தால் அந்தக் கையின் அழுத்தத்தில் மடங்கிய ரவிக்கைத் துணி, சாய்ந்திருக்கும் உடம்பு எல்லாம் பொய்யாகிவிடும். பிடிமானம் இல்லாமல் அப்படிச் சாய்ந்தால் அப்பத்தா விழுந்துவிடுவார். படத்தில் எடையை மறைக்க முடியாது. எவ்வளவு நன்றாக வரைந்தாலும், எங்கோ தப்பு என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும்.

'முடியாத இடத்துல அந்தப் போட்டோவே வேண்டாம்' என்று அவளே எழுதியிருந்தாள். விட்டுவிட எனக்கு அனுமதி இருந்தது. ஆனால் விட்டுவிட்டால் அப்பத்தா இல்லாத ஆல்பம். அப்பாவின் நோட்டில் இந்த நம்பருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது. அவருடைய அம்மா.

கையே வராத அளவுக்கு நெருங்கினால் என்ன மிஞ்சும் என்று பார்த்தேன். அப்பத்தாவின் முகமும் பெண்ணின் தலைமேல் வைத்த உள்ளங்கையும் ஒரே சதுரத்துக்குள் வந்தன. முழங்கை வெளியே. கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளி. என் சதுரத்துக்கு மிஞ்சியது 1600க்கு 1600. அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது லேப் விரும்பும் கணக்கு. அதன்படி ஐந்து அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. எட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 200 தான். கிளாஸி தாளில் கொஞ்சம் தெரியும், மேட்டில் தெரியாது. இந்த ஆல்பம் மேட். மேடை வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி கூர்மையாகவும் இருந்தது படம். எட்டுக்கு எட்டாக வலது பக்கத்தில் வைத்து, சுற்றிலும் எதையும் வைக்காமல் விட்டேன். இடது பக்கத்தில் அதே நேரத்தில் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கிழவிகள் வரிசை.

நெருங்கியதும் அதுவரை பார்க்காத ஒன்று தெரிந்தது. அப்பத்தாவின் உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. முழுப் படத்தில் அது மேடைக் கூட்டத்துக்குள் காணாமல் போயிருந்தது.

ஆனாலும் பயம். அந்தப் படத்தைப் பார்த்தாலே வெளியே நிற்கும் கை அவள் நினைவுக்கு வருமோ? எடுத்த நிமிடத்தில் அவள் அங்கேதானே குனிந்து நின்றாள். அந்த ஒரு ஷீட்டை மட்டும் தனியாக அனுப்பி, "இது வேணுமா வேண்டாமான்னு நீயே சொல்லும்மா. வேண்டாம்னா அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று எழுதினேன். அப்பாவிடம் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. "வச்சிருங்கக்கா. அப்பத்தா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் வந்துருச்சு."

முப்பது ஷீட்டும் சேர்த்து வீட்டுக்குப் பார்வைக்கு அனுப்பினேன். எதிர்பார்த்த மாதிரியே அப்பாவின் போன்.

"ஏம்மா, நோட்டோட வச்சுப் பாத்தேன். 1846க்குப் பதிலா வேற போட்டிருக்க போல."

"1851 போட்டிருக்கேன் சார். 1846ல பெரியம்மா கண்ண மூடிட்டாங்க."

போனுக்கு அந்தப் பக்கம் கண்ணாடியைத் தேடும் சத்தம், பிறகு மௌனம். "ஆமா, மூடித்தான் இருக்கா. சரி சரி." கொஞ்சம் கழித்து, "எங்கம்மா படம் பெருசா போட்டிருக்க. நான் குடுத்தது முழுப் படமில்ல?"

"முகம் தெரியணும்னு கிட்ட கொண்டு வந்தேன் சார். முழுசா வேணும்னா மாத்தித் தரேன்."

இதைச் சொன்னபோது என் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "வேணாம்மா. இதுவே இருக்கட்டும்" என்றார்.

தாலி கட்டும் படத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வேறு யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஸ்டுடியோ அண்ணனிடமும் நான் சொல்லவில்லை. ஷீட் எண்ணிக்கையோ செலவோ ஏறியிருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டாவது பிரதியும் கைக்கடக்கமான ஒரு சின்ன ஆல்பமும் உண்டு. இரண்டும் இதே ஷீட்டிலிருந்து போவதால் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆல்பத்தோடு போகும் காலண்டருக்குப் படம் தேர்ந்தெடுத்தவர் ஸ்டுடியோப் பையன், அதை மட்டும் நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

ஆல்பம் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து அவளிடமிருந்து இன்னொரு செய்தி. நன்றி சொல்லியிருந்தாள். கடைசி வரியில், "அக்கா, வீடியோவுக்கும் இப்படிச் செய்ய முடியுமா?"

வீடியோ என் கையில் இல்லை. அது வேறு ஆள், வேறு வேலை. மூன்று மணி நேர வீடியோவில், ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவரை யாராலும் வரைந்து எடுக்க முடியாது. ஷாட்டை மாற்றலாம், வெட்டலாம், கொஞ்சம் நெருக்கிக் காட்டலாம், அவ்வளவுதான். குரல் வேறு இருக்கிறது. மைக்கில் பெயர் கூப்பிட்டு மேடைக்கு அழைத்தவர் அவராகவே இருக்கலாம். இதையெல்லாம் மறைக்காமல் எழுதினேன். பாட்டோடு வரும் பத்து நிமிடத் தொகுப்பில் மட்டும் முழுசாகத் தவிர்க்கலாம், முழு வீடியோவில் குறைக்கத்தான் முடியும் என்றேன். எடிட்டர் பையன் நல்லவன், காரணம் கேட்க மாட்டான், நீயே பேசு என்று நம்பரும் கொடுத்தேன்.

அவனிடம் சொல்ல வசதியாக, தேடும்போது நான் குறித்து வைத்திருந்த தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதில் அவர் பெயர் இல்லை, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாலையில் சந்தனக் கலர் அரைக்கைச் சட்டை. காலையில் அரக்குப் பட்டுச் சட்டை, மயில்கண் வேட்டி. வலது கையில் செப்புக் காப்பு. ஓரங்களைப் பார்க்கவும்.